ஒரே பிராண்டு, இரண்டு எழுத்து: தமிழும் ஆங்கிலமும் சமமாக நிற்கும்படி ஃபான்ட் தேர்ந்தெடுப்பது எப்படி

சென்னையில் பெரும்பாலான பிராண்டுகளுக்கு ஆங்கில லோகோதான் முதலில் தயாராகிறது. நிறம், பேக்கிங், வெப்சைட் எல்லாம் முடிந்து, கடைத் திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்டு அடிப்பவர் "தமிழ்ல என்ன ஃபான்ட் போடட்டும்?" என்று கேட்பார். அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பதில் ஏதோ ஒன்று ஏறும். அப்படி ஏறிய தமிழ் பக்கத்திலிருக்கும் ஆங்கிலத்தைவிடக் கறுப்பாகத் தெரியும், அல்லது மெலிந்து தெரியும், அல்லது இடம் போதாமல் பக்கவாட்டில் நசுக்கப்பட்டிருக்கும். இது நடக்காமல் இருக்க ஃபான்ட் தேடுவதைத் தமிழிலிருந்து தொடங்க வேண்டும், உயரத்தைவிட எழுத்தின் கறுப்பைப் பொருத்த வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான் கீழே வருவது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைப் பெயரை வைத்துக்கொள்வோம். 'கொழுந்து' என்று ஒரு டீத்தூள் பிராண்டு, ஆங்கிலத்தில் Kozhundhu. 250 கிராம் பாக்கெட், ஒரு கடை போர்டு, ஒரு வெப்சைட், மூன்றிலும் இரண்டு எழுத்தும் வர வேண்டும். இந்தப் பெயரை எடுத்ததற்குக் காரணம், இரண்டு எழுத்துமுறைக்கும் நடுவே வரக்கூடிய சிக்கல் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குள் இருக்கிறது.

முதல் வேலை: ஃபான்ட் பார்க்காதீர்கள், சொற்களை எழுதுங்கள்

பிராண்டு எங்கெல்லாம் வரப்போகிறதோ அங்கெல்லாம் அச்சாகப்போகும் உண்மையான வரிகளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெயர், கீழே வரும் ஒரு வரி, "நிகர எடை 250 கிராம்", "₹180", முகவரி, பயன்படுத்தும் முறை, வெப்சைட்டில் வரும் ஒரு முழுப் பத்தி. ஃபான்ட் விற்கும் தளங்களில் காட்டும் மாதிரி வரி அந்த ஃபான்டுக்குச் சாதகமான எழுத்துகளாகப் பார்த்து எடுத்ததாக இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது பெயரை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கொழுந்து' என்பது நான்கு எழுத்து, ஆனால் 'கொ' மட்டுமே மூன்று துண்டு: ஒற்றைக் கொம்பு, க, கால். ழு கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ந் வாலைக் கீழே விட்டு, தலையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. து கீழே இறங்கி, வளைந்து, வலப்பக்கம் மேலே ஏறுகிறது. ஆக, தமிழ்ப் பெயரின் இடது பாதி தரையில் தட்டையாக நிற்கிறது, வலது பாதி முழுக்கக் கீழே தொங்குகிறது. Kozhundhu என்ற ஒன்பது எழுத்தில் ஒன்றுகூடக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. K, h, d, h என நான்கு எழுத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழின் கனம் கீழே, ஆங்கிலத்தின் கனம் மேலே. தமிழை மேலே வைத்து ஆங்கிலத்தைக் கீழே வைத்தால், தமிழின் வால்களும் ஆங்கிலத்தின் கொம்புகளும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். எந்த ஃபான்டை எடுத்தாலும் இது மாறாது, அதனால் ஃபான்டைத் திறப்பதற்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

பெயரில் இல்லாத எழுத்துகளுக்காகவும் ஒரு சோதனை வரி வேண்டும். நான் வைத்துக்கொள்வது: ண, ணி, ஞ, ழ, இ, ஈ, ஐ, கூ, மூ, டு, று, னை, ளௌ, ஃ, ஸ்ரீ, க்ஷ. சுழிகள் அடைபடுவது ண, ஞ, இ ஆகியவற்றில் முதலில் தெரியும். கூ, மூ இரண்டும் சரியாக வரையப்பட்டிருந்தால் அந்த வடிவமைப்பாளர் தமிழில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

இரண்டாவது: தமிழ் ஃபான்டை முதலில் முடிவு செய்யுங்கள்

காரணம் எளிது. ஆங்கிலத்துக்கு ஃபான்ட் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, தமிழில் பல தடிமன்களோடு, யூனிகோடில், ஒழுங்காக வரைந்த குடும்பங்கள் குறைவு. குறைவாக இருப்பதிலிருந்து தொடங்கினால் பொருத்தமான ஆங்கிலம் கிடைத்துவிடும். ஆங்கிலத்திலிருந்து தொடங்கினால் அதற்கு ஏற்ற தமிழ் இல்லாமலே போகலாம். தடிப்பும் மெலிவும் மிக அதிகமாக மாறி மாறி வரும் நவநாகரிக ஆங்கில செரிஃப் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வீர்கள். எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்த எழுத்துக்குக் கோடு ஏறத்தாழ ஒரே தடிமனில் ஓடுவதுதான் இயல்பு. அதன் மேல் அந்த அளவு தடிப்பு வேறுபாட்டை ஏற்றினால், எங்கே தடிக்க வேண்டும் எங்கே மெலிய வேண்டும் என்பதற்குத் தமிழ் வாசகரின் கண்ணில் பழகிய விடை எதுவும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியவை, இரண்டு எழுத்தும் ஒரே குடும்பத்தில் இருக்கும் ஃபான்டுகள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் Mukta Malar ஏழு தடிமனில் வருகிறது, நிதானமான, எங்கும் பொருந்துகிற எழுத்து. Hind Madurai ஐந்து தடிமன், திரையில் படிக்க வசதியானது. Catamaran ஒன்பது தடிமன், மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை. Anek Tamil மாறும் ஃபான்ட்: தடிமனை 100 முதல் 800 வரையும், அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரையும் நடுவில் எந்த அளவிலும் நிறுத்திக்கொள்ளலாம். Baloo Thambi 2 உருண்டு திரண்டது, தலைப்புக்கு மட்டும். புத்தகம் மாதிரி அமைதியான தோற்றம் வேண்டுமென்றால் Tiro Tamil இருக்கிறது, ஆனால் அதில் தடித்த எழுத்து கிடையாது, நேர் எழுத்தும் சாய்வும்தான். லேபிளில் தடித்த எழுத்து இல்லாமல் வேலை நடக்காது என்பதால் டீத்தூள் பிராண்டுக்கு அதைத் தனியாக நம்ப முடியாது.

ஒரே குடும்பம் என்பதாலேயே சமமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அதையும் அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: இரண்டையும் சேர்த்து யோசித்து வரைந்திருப்பார்கள், அதனால் உங்கள் வேலை பாதியாகும். லோகோவுக்கு மட்டும் குணமான வேறு ஒரு எழுத்து, பத்திகளுக்கு இப்படி ஒரு குடும்பம் என்று பிரித்துக்கொள்வதும் நல்ல வழிதான். ஆங்கில லோகோ ஏற்கெனவே மாற்ற முடியாதபடி நிலைத்துவிட்டது என்றால், தமிழ்ப் பெயரை மட்டும் ஒரு எழுத்து வடிவமைப்பாளரிடம் தனியாக வரையக் கொடுங்கள். நான்கைந்து எழுத்து வரைவதற்கு ஆகும் செலவு முழு ஃபான்டுக்கு ஆவதில் சிறு பங்குதான்.

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்றையும் பெரிதாக அச்சிட்டு, ஆங்கிலத்தைத் தாளால் மறைத்துவிட்டு, தினமும் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற ஒருவரிடம் காட்டுங்கள். ஆங்கில n, u, l வடிவங்களைத் திருப்பிப் போட்டு ப, ட, ம செய்த ஃபான்டுகள் உண்டு. அவை ஆங்கிலத்தோடு பார்க்கும்போது கச்சிதமாகத் தெரியும், தனியாகப் படித்தால் க, த, ந மூன்றும் தடுமாறும். பொருத்தம் என்ற பெயரில் தமிழை ஆங்கிலமாக மாற்றிவிட்ட ஃபான்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மூன்றாவது: உயரம்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. எல்லா எழுத்துக்கும் ஏறத்தாழ ஒரே உடல் உயரம், அதற்கு மேலேயும் கீழேயும் குறிகள். ஆங்கிலத்திலோ x ஓர் உயரம், H ஓர் உயரம். ஆக, தமிழின் ப எதற்குச் சமமாக இருக்க வேண்டும்? x-க்குச் சமமாக வைத்தால் தமிழ் சிறுத்துப்போகும், ஏனென்றால் அந்த உயரத்துக்குள் தமிழ் எழுத்தில் நிறையக் கோடு அடங்க வேண்டும். H-க்குச் சமமாக வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் கத்துகிற மாதிரி இருக்கும். ஆங்கிலம் சின்ன எழுத்தில் ஓடும் இடங்களில், ப இந்த இரண்டுக்கும் நடுவே, x பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பது பெரும்பாலும் சரியாக வரும். ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் ப அந்த உயரத்துக்கு ஒரு சிறு அளவு கீழே.

இதைக் கண்ணால் குத்துமதிப்பாகச் செய்யாமல் அளந்து பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரிலோ ஃபிக்மாவிலோ x, H, ப மூன்றையும் ஒரே பெரிய அளவில் தட்டி, கைட் கோடு போட்டு உயரத்தை எடுங்கள். வெவ்வேறு குடும்பத்திலிருந்து ஒரு தமிழையும் ஓர் ஆங்கிலத்தையும் சேர்க்கிறீர்கள், 100 என்ற ஃபான்ட் அளவில் x 50, H 70, ப 64 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ப 58-ல் நின்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. 58-ஐ 64-ஆல் வகுத்தால் சுமார் 0.91, அதாவது தமிழை 91 சதவீதமாகச் சுருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எழுத்தைச் சுருக்கினால் கோடும் சேர்ந்து மெலியும். தமிழின் கோடு 8 ஆக இருந்தது இப்போது 7.3, பக்கத்தில் ஆங்கிலத்தின் கோடு 9. உயரம் பொருந்திவிட்டது, ஆனால் தமிழ் வெளிறிப்போனது. அதனால் தமிழின் தடிமனை ஒரு படி ஏற்ற வேண்டும். மாறும் ஃபான்ட் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்: 400-லிருந்து 450, 460 என்று நகர்த்தி, கோடு மறுபடி 8 வரும்போது நிறுத்தலாம். நிலையான தடிமன்கள் மட்டும் உள்ள குடும்பத்தில் 400-க்கு அடுத்து 500-தான், அது சில சமயம் கூடிவிடும். அப்போது ஆங்கிலத்தை மாற்றிப் பாருங்கள்.

தமிழின் கோடு ஏன் 9 ஆக வேண்டாம், 8 போதும்? ஒரு ண-வுக்குள் எத்தனை முறை கோடு மேலும் கீழும் போய்வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், அதே அகலத்தில் ஆங்கில n-க்கு இரண்டே நிறுத்தக் கோடு. ஒரே தடிமனில் எழுதினால் தமிழ்ப் பத்தி கண்டிப்பாகக் கறுத்துவிடும். தமிழின் கோடு ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே கனமாகத் தெரியும்.

நான்காவது: கறுப்பை அளப்பது

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை. உங்கள் வெப்சைட்டில் வரப்போகும் தமிழ்ப் பத்தியையும் ஆங்கிலப் பத்தியையும் ஒரே அகலத்தில், பக்கத்தில் பக்கத்தில், உண்மையில் பயன்படுத்தப்போகும் வரி இடைவெளியோடு வையுங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தாலே ஒன்று தெரியும். ஆனால் கண் பழகிவிடும், அதிலும் ஒரு மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் சமமாகத்தான் தோன்றும். அதனால் படமாக எடுத்து ஃபோட்டோஷாப்பில் திறந்து, பத்தியின் எழுத்துப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, Filter → Blur → Average கொடுங்கள். முழுப் பத்தியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். இரண்டாவது பத்திக்கும் அதையே செய்துவிட்டு, இரண்டு சாம்பலின் வெளிச்ச எண்ணையும் கலர் பிக்கரில் ஒப்பிடுங்கள். ஓரிரண்டு எண் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். ஐந்துக்கு மேல் போனால் பக்கத்தைத் திறந்ததுமே ஒரு மொழி முன்னால் வந்து நிற்கும்.

தேர்ந்தெடுக்கும்போது கடைசி வரியின் காலி இடத்தையும் ஓரங்களையும் சேர்த்துவிடாதீர்கள், எண் பொய்யாகிவிடும்.

இந்தச் சோதனையைப் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு தடிமனிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 400-ல் அழகாகப் பொருந்திய ஒரு ஜோடி 700-ல் பிரிந்துவிடுவது சகஜம். ஆங்கில எழுத்து தடிக்கும்போது கொஞ்சம் அகலமாகி இடம் தேடிக்கொள்கிறது. தமிழின் சுழிகளுக்கு உள்ளே இடமே இல்லை, அதனால் வடிவமைப்பாளர் கோட்டை மெலிய வைத்திருப்பார், அல்லது சுழி அடைபட விட்டிருப்பார். தடித்த ண, ஞ, இ மூன்றையும் 8 பாயின்டில் அச்சிட்டுப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரியவில்லையென்றால் தமிழுக்கு 600-ம் ஆங்கிலத்துக்கு 700-ம் என்று விதி எழுதிவிடுங்கள். இரண்டுக்கும் எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சின்ன விஷயங்கள், ஆனால் கண்ணில் குத்துபவை

புள்ளி. ந்-இன் தலையில் இருக்கும் புள்ளி, ஆங்கில i-யின் புள்ளி, வாக்கிய முற்றுப்புள்ளி, மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று வட்டமும் மற்றொன்று சதுரமுமாக இருந்தால் வேறு எதைப் பொருத்தியும் பயனில்லை, இரண்டும் வெவ்வேறு வீட்டிலிருந்து வந்தவை என்று உடனே தெரிந்துவிடும். வெட்டி ஒட்டும் ஸ்டிக்கரிலும், சின்ன அளவு அச்சிலும் முதலில் காணாமல் போவதும் புள்ளிதான். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடுகிறது, அதனால் கொஞ்சம் பெரிய புள்ளி உள்ள ஃபான்டுக்கே என் ஓட்டு.

எண்கள். "நிகர எடை 250 கிராம்" என்று எழுதும்போது 250 ஆங்கிலப் பகுதியிலிருந்து வருகிறது. பெரும்பாலான ஃபான்டுகளில் எண்ணின் உயரம் H-இன் உயரத்தை ஒட்டியிருக்கும். தமிழ் எழுத்து அதைவிடக் குள்ளம். விளைவு, தமிழ் வரிக்கு நடுவே எண் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். விலை, எடை நிறைய வரும் பிராண்டில் எண்ணை 5 சதவீதம் போலச் சுருக்கி ஒரு தனி ஸ்டைல் வைத்துக்கொள்வது நல்லது. பாக்கெட்டில் நிகர எடைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச எண் உயரம் உண்டு, அந்த இடத்தில் மட்டும் சுருக்குவதற்கு முன் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து இடைவெளி. ஆங்கிலத்தைப் பெரிய எழுத்தில் தளர்த்தி வைப்பது இப்போது எங்கும் இருக்கும் பாணி, K O Z H U N D H U என்று. அதே எண்ணைத் தமிழுக்குக் கொடுத்தால் சில மென்பொருளில் 'கொ' மூன்று துண்டாகி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் விலகி நிற்கும். தமிழுக்கு இடைவெளி பூஜ்யம், அதிகபட்சம் அதற்குச் சற்று மேல். பெரிய எழுத்து, சாய்வெழுத்து இரண்டுக்கும் தமிழில் பழகிய இணை கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் எதையெல்லாம் பெரிய எழுத்தால் அழுத்திச் சொல்கிறீர்களோ, அதைத் தமிழில் தடிமனாலா நிறத்தாலா அளவாலா சொல்லப்போகிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

வரி இடைவெளி. ஆங்கிலப் பத்திக்கு 1.5 போதுமென்றால் தமிழுக்கு 1.65, 1.7 தேவைப்படும். மேல் வரியின் கூ, டு, ழு கீழே இறங்குகிறது, கீழ் வரியின் கி, கீ மேலே ஏறுகிறது, இரண்டும் முட்டக் கூடாது. இரண்டு மொழியும் ஒரே பத்தியில் கலந்து வந்தால் தமிழுக்கான இடைவெளியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெப்சைட்டில் இதை எழுதுவது

மேலே கண்ட 91 சதவீதத்தை ஒவ்வோர் இடத்திலும் கையால் போட வேண்டியதில்லை. இரண்டு ஃபைலையும் ஒரே பெயரில் இணைத்துவிட்டால், தமிழ் எழுத்து வரும்போது பிரௌசரே தமிழ் ஃபைலை எடுத்துச் சுருக்கிக்கொள்ளும்.

```css
@font-face {
  font-family: "Kozhundhu Text";
  src: url("tamil.woff2") format("woff2");
  font-weight: 100 800;
  unicode-range: U+0B80-0BFF, U+200C-200D, U+25CC;
  size-adjust: 91%;
}
@font-face {
  font-family: "Kozhundhu Text";
  src: url("latin.woff2") format("woff2");
  font-weight: 100 800;
  unicode-range: U+0000-00FF, U+2010-2026, U+20B9;
}
body { font-family: "Kozhundhu Text", sans-serif; }
[lang="ta"] { line-height: 1.7; font-weight: 450; letter-spacing: 0; }
```

U+20B9 என்பது ரூபாய்க் குறி. அது ஆங்கிலப் பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அதைத் தமிழ்ப் பகுதியில் சேர்த்தால் ₹ ஒரு ஃபான்டிலும் 180 வேறொரு ஃபான்டிலும் வரும், விலைப் பட்டியல் முழுக்கக் குறி மட்டும் குள்ளமாகத் தெரியும். கடைசி வரி வேலை செய்ய வேண்டுமானால் தமிழ்ப் பகுதிகளுக்கு `lang="ta"` கொடுத்திருக்க வேண்டும்.

லோகோ: இரண்டையும் ஒன்றாக அடுக்குவது

நம் கொழுந்துக்கு வருவோம். Anek Tamil-ஐ எடுத்துக்கொண்டோம், பாக்கெட்டின் முகப்பு ஒடுக்கமானது, அகலத்தைச் செயற்கையாக நசுக்காமல் குறைக்க அதில் வசதி இருக்கிறது. மென்பொருளில் எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அமுக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும். ஒடுக்கமான வடிவமாகவே வரைந்த ஃபான்டில் இரண்டும் சேர்ந்து சரிசெய்யப்பட்டிருக்கும். ஊரில் பாதி போர்டுகளில் தமிழ் விகாரமாகத் தெரிவதற்கு இந்த அமுக்கல்தான் காரணம்.

தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே என்று அடுக்குகிறோம். இரண்டையும் ஒரே அகலத்துக்கு இழுத்துப் பெட்டிபோல் ஆக்கலாம் என்று கை பரபரக்கும், செய்யாதீர்கள். அகலத்தை வைத்து அளவை முடிவு செய்தால் உயரமும் கறுப்பும் கைவிட்டுப்போகும். உடல் உயரத்தைப் பொருத்துங்கள், அகலம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கட்டும், இடது ஓரத்தை மட்டும் ஒழுங்காக நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஒற்றைக் கொம்பின் சுழியை K-யின் நேர்கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை தள்ளினால்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அடுத்தது இடைவெளி. தமிழின் அடிக்கோட்டிலிருந்து அளக்காமல், ழு, து இறங்கும் மிக ஆழமான இடத்திலிருந்து அளந்து வையுங்கள். அப்படி வைத்ததும் 'கொ'-வுக்குக் கீழே ஒரு வெற்றிடம் தெரியும், ஏனென்றால் அங்கே எதுவும் இறங்கவில்லை. நல்ல வேளையாக ஆங்கிலத்தின் K அந்த இடத்துக்கு நேர் கீழே நிமிர்ந்து நிற்கிறது, அது வெற்றிடத்தைப் பெருமளவு நிரப்பிவிடும். நடுவில் வரும் h, d கொம்புகள் து-வின் வாலோடு முட்டினால் ஆங்கிலத்தைப் பெரிய எழுத்துக்கு மாற்றிச் சின்னதாக வைக்கலாம், மேல் விளிம்பு நேராகிவிடும், மோதலும் தீரும். நான் கொழுந்துக்கு இதைத்தான் செய்வேன்.

வட்டத்துக்குள்ளோ பட்டைக்குள்ளோ வைக்கும்போது மென்பொருளின் நடுவில் நிறுத்தும் பட்டனை நம்பாதீர்கள். அது வாலையும் சேர்த்து நடுவைக் கணக்கிடும், எழுத்தின் உடல் மேலே ஏறிவிடும். உடலை நடுவில் வைத்து, வாலுக்காக மிகச் சிறிதளவு மட்டும் மேலே தூக்குங்கள்.

போர்டுக்குத் தனி லோகோ வேண்டும்

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றுக்கும் 5:3:2 என்பது அரசு சொல்லும் விகிதம். பாக்கெட்டில் சமமாக நின்ற லோகோவை அப்படியே போர்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது என்று அர்த்தம். தமிழ் 15 அங்குலம் என்றால் ஆங்கிலம் 9 அங்குலம்.

இரண்டுக்கும் ஒரே தடிமனை வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? தமிழின் கோடு ஆங்கிலத்தின் கோட்டைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் தடித்துவிடும், ஆங்கிலம் பிறகு யாரோ சேர்த்த அடிக்குறிப்பு மாதிரி இருக்கும். அதனால் போர்டு லோகோவில் தமிழை ஒரு படி மெலிதாக்குங்கள், ஆங்கிலத்தை ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி தடிக்க வையுங்கள். கோடுகள் துல்லியமாகச் சமமாக வேண்டியதில்லை, அளவில் இருக்கும் வித்தியாசம் தடிமனில் அவ்வளவாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். பாக்கெட் லோகோவில் தமிழ் 600, ஆங்கிலம் 650 என்றால், போர்டில் தமிழ் 500, ஆங்கிலம் 750 என்று ஆரம்பித்து, பத்தில் ஒரு பங்கு அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நான்கைந்து எட்டு பின்னால் போய்ப் பாருங்கள்.

உள்ளே எல்இடி வைத்த அக்ரிலிக் எழுத்து என்றால், செய்பவரிடம் குறைந்தபட்சக் கோட்டு அகலம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த அகலத்துக்குக் கீழே போனால் விளக்கு வைக்க இடமில்லாமல் அவரே எழுத்தைத் தடிக்க வைப்பார், நீங்கள் பொருத்திய கறுப்பு எல்லாம் வீணாகும். புள்ளி தனித் துண்டு, தனியாகப் பொருத்த வேண்டும், இரவில் அது மட்டும் மங்கலாக எரியாமல் இருக்க அதற்குள்ளும் விளக்கு வர வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள்.

பாக்கெட் அச்சும், ஃபைல் ஒப்படைப்பும்

டீத்தூள் பாக்கெட்டில் கரும்பச்சையோ பழுப்போ பின்னணியாகி, அதன் மேல் வெள்ளை எழுத்து வருவது வழக்கம். அச்சில் மை கொஞ்சம் பரவும், வெள்ளைக் கோடு உள்ளுக்குள் சுருங்கும், ழ-வின் வளைவும் புள்ளியும் முதலில் பாதிக்கப்படும். ஆகவே இருண்ட பின்னணியில் வரும் சின்னத் தமிழ் எழுத்துக்குத் தடிமனை ஒரு படி ஏற்றுங்கள், ஆங்கிலத்துக்கு அரைப் படி போதும். வெள்ளைத் தாளில் எடுத்த லேசர் பிரின்டை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, அச்சகத்தில் அதே ஃபிலிமில் ஒரு சோதனை அச்சுக் கேட்டு வாங்குங்கள்.

யூனிகோட் தமிழ் சில மென்பொருள் அமைப்புகளில் உடையும். 'கொ' இடம் மாறி வரும், அல்லது கொம்புக்குப் பக்கத்தில் ◌ என்று ஒரு புள்ளி வட்டம் தெரியும். இன்டிசைனில் Adobe World-Ready Paragraph Composer, இல்லஸ்ட்ரேட்டரில் Middle Eastern & South Asian Every-line Composer தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய முறையில் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய ஃபான்டுகளைச் சில இடங்களில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பெயரை அதில் மறுபடி தட்டச்சு செய்ய விடாதீர்கள், அப்படிச் செய்தால் ஃபான்டே மாறிவிடும். லோகோவையும் லேபிளையும் எழுத்தாக அனுப்பாமல் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், திருத்துவதற்கான மூல ஃபைல் உங்களிடம் இருக்கட்டும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. கூகுள் ஃபான்ட்ஸில் நான் சொன்ன குடும்பங்கள் திறந்த உரிமத்தில் இருப்பவை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், லோகோ செய்யலாம், எழுத்தைத் திருத்தியும் கொள்ளலாம், ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குபவற்றில் கம்ப்யூட்டருக்கு, வெப்சைட்டுக்கு, ஆப்புக்கு என்று உரிமம் தனித்தனியாக இருக்கும், மூன்றின் விலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதி, பிராண்டைத் தொடும் எல்லோருக்கும் கொடுங்கள்: தமிழ் ஃபான்டின் பெயர், அளவு எத்தனை சதவீதம், சாதாரணத்துக்கும் தலைப்புக்கும் என்னென்ன தடிமன் என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாக, வரி இடைவெளி, எழுத்து இடைவெளி பூஜ்யம், பாக்கெட் லோகோ ஒன்று, போர்டு லோகோ ஒன்று. போர்டு அடிப்பவருக்கு அனுப்பும் பிரதியில், புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்புங்கள்.